ஃபிரண்ட் ஆபீஸ் ரெஸ்யூமேயில் ‘நைட் ஆடிட் தெரியும்’ என்று இருந்தால்: ராமேஸ்வரம் கரை ஹோட்டல்காரர்கள் கேட்கும் கேள்விகள்

ராமேஸ்வரம் தீவு, மண்டபம், ராமநாதபுரம், கீழக்கரை பக்கம் சிறிய, நடுத்தர ஹோட்டல் நடத்துபவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேலைக்கு மனு போடுபவர்களும் படிக்கலாம், அவர்களுக்கும் ஒரு கேள்வி கடைசிப் பகுதியில் இருக்கிறது.

பேச்சு அந்தரத்தில் போகாமல் இருக்க ஒரு விளம்பரத்தையும் ஒரு ரெஸ்யூமேயையும் உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். விளம்பரம் ராமேஸ்வரத்தில் 46 அறை கொண்ட ஒரு ஹோட்டலுடையது: ரிசர்வேஷன் சிஸ்டம் இயக்க வேண்டும், விருந்தினர்களைக் கையாள வேண்டும், வாரத்தில் மூன்று இரவு நைட் ஆடிட், அதாவது அன்றைய கணக்கைச் சரிபார்த்து முடித்து சிஸ்டத்தில் தேதியை மாற்றும் வேலை, பார்க்க வேண்டும். ரெஸ்யூமே அனுப்பியவர் ஹோட்டல் மேனேஜ்மென்ட் டிப்ளமோ படித்தவர். மதுரையில் 60 அறை ஹோட்டலில் இரண்டு ஆண்டு ரிசப்ஷன், அதன் பிறகு 2023 நடுவிலிருந்து 2024 கடைசி வரை ராமேஸ்வரத்தில் 32 அறை லாட்ஜில் ‘ரிசப்ஷனிஸ்ட் மற்றும் நைட் ஆடிட்டர்’. தெரிந்த மென்பொருள் என்று ஓபரா, ஐடிஎஸ், ஈஸீ மூன்றையும் எழுதியிருக்கிறார்.

மூணு வேலையையும் விளம்பரத்தில் போட்டிருக்கோம். ரெஸ்யூமே கைக்கு வந்ததும் எந்த வரியை முதலில் பார்க்கணும்?

நைட் ஆடிட் வரியை. பகலில் யார் எந்த புக்கிங்கைத் தப்பாகப் போட்டாலும், எந்த விருந்தினருக்கு என்ன வாக்குக் கொடுத்திருந்தாலும், ராத்திரி கணக்கை முடிக்க உட்காரும்போது அது வெளியே வந்துவிடும். அதனால் ஆடிட்டை ஒழுங்காகச் செய்தவருக்கு ரிசர்வேஷன் பக்கமும் பில்லிங் பக்கமும் ஓரளவு கட்டாயம் தெரிந்திருக்கும். ரிசர்வேஷன் நன்றாகத் தெரிந்தவருக்கு ஆடிட் தெரிந்திருக்கும் என்று அப்படிச் சொல்ல முடியாது.

அடுத்து, ஒவ்வொரு வேலைக்குப் பக்கத்திலும் அறைகளின் எண்ணிக்கையும் எந்த ஷிஃப்ட் என்பதும் இருக்கிறதா பாருங்கள். நம் உதாரணத்தில் மதுரை ஹோட்டல் பெரியது, கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த அளவுள்ள இடத்தில் ரிசர்வேஷனுக்குத் தனியாக ஒருவர், கணக்குக்குத் தனியாக ஒருவர் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். இவர் இரண்டு ஆண்டும் செக்-இன், செக்-அவுட் மட்டுமே பார்த்திருக்கலாம். 32 அறை லாட்ஜில் ராத்திரி கவுண்டரில் ஒரே ஆள்தான் நிற்பார். போன் எடுப்பது, சாவி கொடுப்பது, கணக்கு முடிப்பது எல்லாம் அவர் தலையில்தான். ஆக, உங்கள் வேலைக்கு அந்த ஒன்றரை ஆண்டுதான் கூடுதல் கனம். பெரிய பெயரைப் பார்த்து முதல் வரியிலேயே நின்றுவிடாதீர்கள்.

சாஃப்ட்வேர் பேர் மூணு நாலு எழுதியிருக்காங்க. எல்லாம் தெரியும்னு நம்பலாமா?

எந்த மென்பொருள் எந்த வேலை இடத்தோடு சேர்கிறது என்று பென்சிலால் கோடு போட்டுப் பாருங்கள். ஓபரா பெரும்பாலும் பெரிய ஹோட்டல்களிலும் சங்கிலி ஹோட்டல்களிலும் இருப்பது. கேட்டரிங் கல்லூரிகளில் அதைப் பாடமாகக் காட்டுவதும் உண்டு. 32 அறை லாட்ஜில் அது இருந்திருக்காது. மதுரை ஹோட்டலில் ஐடிஎஸ், லாட்ஜில் ஈஸீ என்று அவர் சொன்னால் பொருந்துகிறது. ஓபராவைக் கல்லூரி லேபில் பார்த்தேன் என்று அவரே சொன்னால் அது நல்ல பதில், அவர் மேல் நம்பிக்கை கூடும்.

பெயரை விட முக்கியமான ஒன்று இருக்கிறது. ரிசர்வேஷன் சிஸ்டம் என்று விளம்பரத்தில் ஒரே வார்த்தையாகப் போட்டுவிடுகிறோம், கவுண்டரில் அது மூன்று தனித்தனி இடம். ஹோட்டலுக்குள் அறைக்கணக்கு வைத்திருக்கும் மென்பொருள் ஒன்று. மேக்மைட்ரிப், புக்கிங் டாட் காம், அகோடா போன்ற தளங்கள் ஒவ்வொன்றிலும் நம் அறைகளைத் திறக்கவும் மூடவும் நம் ஹோட்டலுக்கு உள்ள எக்ஸ்ட்ராநெட் பக்கம் இன்னொன்று. இந்த இரண்டுக்கும் நடுவில் அறை எண்ணிக்கையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சேனல் மேனேஜர் மூன்றாவது. இந்தக் கரையில் பல இடங்களில் சேனல் மேனேஜரே கிடையாது, ரிசப்ஷனில் இருப்பவர் ஒவ்வொரு தளமாகத் திறந்து கையால் அறையை மூட வேண்டும்.

அதனால் நேர்காணலில் நான் கேட்கச் சொல்வது இதுதான்: ஆடி அமாவாசைக்கு முந்தின நாள் சாயங்காலம், டபுள் ரூம் இன்னும் ஒன்றுதான் பாக்கி. மதுரை டிராவல்ஸ்காரர் போனில் அதைக் கேட்கிறார். என்ன செய்வீர்கள்? வேலை செய்தவர் உடனே, “மொதல்ல எக்ஸ்ட்ராநெட்ல மூடிட்டுத்தான் போன்ல சரின்னு சொல்லுவேன்” என்பார். சிலர், கடைசி இரண்டு அறையை முன்கூட்டியே ஆன்லைனில் மூடி வைத்துவிடுவோம் என்றும் சொல்வார்கள். அது அனுபவம். “சிஸ்டத்தில் பார்த்துச் சொல்வேன்” என்று நிறுத்துபவர் வாடகைப் பட்டியலைப் பார்த்திருக்கிறார், அறை இரண்டு பேருக்கு விற்றுப்போன ராத்திரியைப் பார்த்ததில்லை.

எங்க ஹோட்டல் சாஃப்ட்வேரை அவங்க பார்த்ததே இல்லை. அதுக்காக ஒதுக்கிடலாமா?

வேண்டாம். ஒரு மென்பொருளில் நன்றாக வேலை செய்தவர் இன்னொன்றைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார். பொத்தான் இருக்கும் இடம்தான் மாறுகிறது. ஃபோலியோ என்ற விருந்தினர் கணக்கு, அட்வான்ஸ், அறை மாற்றம், பில் பிரிப்பது எல்லாம் எங்கும் ஒன்றே.

‘நைட் ஆடிட் தெரியும்’னு ஒரே வரி இருக்கு. நிஜமாவே செஞ்சவரா, சும்மா பட்டனைத் தட்டினவரா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இந்தக் கேள்விக்குத்தான் அதிக இடம் கொடுக்க வேண்டும், ஏனென்றால் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ரெஸ்யூமேயில் தெரியவே தெரியாது. மென்பொருளில் தேதியை மாற்றும் பட்டன் ஒன்று இருக்கிறது. அதை அமுக்கினால் எல்லா அறைக்கும் அன்றைய வாடகையும் வரியும் ஏறி, தேதி அடுத்த நாளுக்குப் போய்விடும். இரண்டு நிமிட வேலை. அதை மட்டும் செய்தவரும் ‘நைட் ஆடிட்’ என்றுதான் எழுதுவார்.

உண்மையான ஆடிட் அந்தப் பட்டனுக்கு முன்னால் நடப்பது. ரெஸ்டாரன்ட் பில்கள் ஒன்றுவிடாமல் மூடப்பட்டனவா, அறைக் கணக்கில் போட வேண்டியது போயிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அப்புறம் தங்கியிருக்கும் ஒவ்வொரு அறையின் வாடகையையும் அந்த புக்கிங்கோடு ஒப்பிட வேண்டும். ஆன்லைனில் முழுப் பணமும் கட்டி வந்தவரின் பில் அந்தத் தளத்தின் பெயரில் போகவேண்டும். அது விருந்தினர் பெயரிலேயே கிடந்தால், காலையில் அவரிடம் மறுபடியும் பணம் கேட்பார்கள், கவுண்டரில் சண்டை வரும். அதற்கடுத்து ஹவுஸ்கீப்பிங் கொடுத்த அறைப் பட்டியலையும் சிஸ்டத்தில் உள்ள பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. கடைசியாகப் பணம், கார்டு, யூபிஐ மூன்றையும் சரிபார்ப்பது. வராதவர்களை என்ன செய்வது என்று முடிவு பண்ணி, பேக்கப் எடுத்த பிறகுதான் தேதியை மாற்றலாம்.

ஹவுஸ்கீப்பிங் பட்டியல் சங்கதியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். சிஸ்டத்தில் 31 அறையில் ஆள் இருப்பதாகக் காட்டுகிறது. மாடிப் பையன் எழுதிக் கொடுத்த தாளில் 30. எது என்று தேடினால் 207: சிஸ்டத்தில் ஆள் இருக்கிறார், அறையில் பெட்டியும் இல்லை, துணியும் இல்லை. இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். சாயங்காலமே பணம் கட்டிவிட்டுப் போனவரை செக்-அவுட் பண்ண மறந்திருக்கலாம். அல்லது பாக்கி வைத்துவிட்டுச் சொல்லாமல் போயிருக்கலாம். இதைப் பார்க்காமல் தேதியை மாற்றினால், ஆளில்லாத அறைக்கு இன்னொரு நாள் வாடகை ஏறும், காலையில் அந்த அறையை விற்கவும் முடியாது. இதற்கு நேர்மாறாக, சிஸ்டத்தில் காலி என்று காட்டும் அறையில் ஆள் தூங்குவதும் உண்டு. அது இன்னும் மோசம். பதிவே இல்லாமல் ஒருவர் தங்கியிருக்கிறார் என்று அர்த்தம்.

வந்தவரிடம், “ரூம் லிஸ்ட் டாலி ஆகாத ராத்திரி ஒண்ணு சொல்லுங்க” என்று கேட்டுப் பாருங்கள். செய்தவர் யோசிக்காமல் ஒரு கதை சொல்வார், அதில் ஒரு தாள் இருக்கும், யாரையோ எழுப்பியிருப்பார். “எப்பவும் டாலி ஆயிடும் சார்” என்பவர் ஒப்பிட்டுப் பார்த்ததே இல்லை.

கணக்குக் கேள்வி ஏதாவது ஒண்ணு கேட்கலாமா? நாங்க அக்கவுண்ட்ஸ் படிச்சவங்க இல்லை.

தாராளமாகக் கேட்கலாம், இதற்குப் படிப்பு வேண்டாம். இந்த ஒரு கணக்கை ஒரு தாளில் எழுதி அவர் முன்னால் வையுங்கள். சிஸ்டம் சொல்லும் ரொக்கம் 38,450 ரூபாய். டிராயரில் எண்ணினால் 36,350. குறைவது 2,100. மணி ராத்திரி ஒன்றரை. என்ன செய்வீர்கள்?

நல்ல ஆள் முதலில் கேட்பது யூபிஐ மொத்தமும் கார்டு மெஷின் மொத்தமும் எவ்வளவு என்றுதான். அவர் கேட்டதும், யூபிஐயில் சிஸ்டம் காட்டுவதை விட 2,100 அதிகம் வந்திருக்கிறது என்று சொல்லுங்கள். உடனே பிடித்துக்கொள்வார்: யாரோ யூபிஐயில் கட்டியதை ரிசப்ஷனில் ரொக்கம் என்று போட்டுவிட்டார்கள். பணம் எங்கும் போகவில்லை. 2,000 ரூபாய் அறை, 5 சதவீத வரி, மொத்தம் 2,100 என்பதால் இது ஒரு நாள் ரூம் பில் என்பதையும் சிலர் அந்த எண்ணைப் பார்த்ததுமே சொல்வார்கள். அப்படிப்பட்டவரை விட்டுவிடாதீர்கள்.

அதற்கடுத்து அவர் சொல்ல வேண்டியது, தேதி மாற்றும் முன்பே அந்தப் பில்லில் பணம் வந்த வகையைத் திருத்துவேன் என்பது. தேதி மாறிவிட்டால் பழைய நாளின் பதிவைத் தொட முடியாது, அடுத்த நாளில் திருத்தப் பதிவு போட்டு விளக்கம் எழுத வேண்டியிருக்கும். “கையிலிருந்து போட்டுச் சரி பண்ணிடுவேன்” என்று ஒருவர் சொன்னால், நல்ல மனசுதான், ஆனால் ஆபத்து. இன்று குறைவதைக் கையிலிருந்து போடுபவர், நாளை அதிகம் வந்தால் எடுத்துக்கொள்வதும் நியாயம் என்று நினைக்கப் பழகிவிடுவார்.

வரியையும் இதோடு சேர்த்துக் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18. அதற்கு முன்னால் 7,500 வரை 12 சதவீதம் இருந்தது. நம் உதாரண ஆள் 2024-இல் வேலையை விட்டவர். அவர் 12 என்று சொன்னால் பொய் சொல்கிறார் என்று எடுக்க வேண்டாம், அவர் கடைசியாகப் போட்ட பில் அப்படித்தான். ஆனால் இன்றும் கவுண்டரில் இருப்பதாக எழுதியிருக்கும் ஒருவர் 12 என்றால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள்.

எங்களுக்கு விடியற்காலை மூணு, நாலு மணிக்குத்தான் கூட்டமே வருது. அதுக்கு ஏத்த ஆளான்னு ரெஸ்யூமேல தெரியுமா?

ரெஸ்யூமேயில் தெரியாது, ஆனால் அதை வைத்துக் கேட்கும் ஒரு கேள்வியில் முழுசாகத் தெரிந்துவிடும். இந்த ஊரின் நைட் ஆடிட்டை மற்ற ஊர்களிலிருந்து பிரிக்கும் விஷயமே இதுதான். வியாபார ஊர்களில் ராத்திரி ஒரு மணிக்கு மேல் லாபி காலி, ஆடிட்டர் நிம்மதியாகத் தேதியை மாற்றலாம். இங்கே ராத்திரி முழுக்க வேன் வந்துகொண்டிருக்கும், விடியலுக்கு முன்பின் ரயில் வரும், ஏற்கெனவே தங்கியிருப்பவர்கள் அக்னி தீர்த்தத்துக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு ராத்திரியை எடுத்துக்கொள்வோம். காலண்டரில் 15-ஆம் தேதி பிறந்துவிட்டது, மணி மூன்று இருபது. ஒரே நேரத்தில் இரண்டு குடும்பம் கவுண்டருக்கு வருகிறது. முதல் குடும்பம் 14 முதல் 15 வரை ஒரு நாளைக்குப் பணம் கட்டி புக் பண்ணியவர்கள். ராத்திரி வந்து படுத்து எழுந்து கோயிலுக்குப் போவதாகத் திட்டம், வழியில் தாமதம். இரண்டாவது குடும்பம் 15 முதல் 16 வரை புக் பண்ணியவர்கள். பதினைந்தாம் தேதி வந்துவிட்டதே, அறையைக் கொடுங்கள் என்கிறார்கள்.

ஆடிட்டர் ஒன்றரை மணிக்கே தேதியை 15-க்கு மாற்றியிருந்தால் முதல் குடும்பம் நோ-ஷோ, அதாவது வராதவர்கள் கணக்கில், ஆகியிருக்கும். அவர்கள் அறையை முன்பதிவு இல்லாமல் வாக்-இன்னாக வந்த யாருக்காவது விற்றிருந்தால், பணம் கட்டியவர்கள் பையோடு லாபியில் நிற்பார்கள். தேதியை மாற்றாமல் வைத்திருந்தால் இரண்டாவது குடும்பத்தின் புக்கிங் அன்றைய வருகைப் பட்டியலிலேயே வராது. அப்போது அனுபவம் இல்லாதவர் அவசரத்துக்கு 14-ஆம் தேதியில் வாக்-இன் என்று புதிதாக ஒரு பதிவு போட்டு, 16 வரை கொடுத்துவிடுவார். விளைவு, பில்லில் இரண்டு நாள் வாடகை ஏறும். அவர்களுடைய அசல் ஆன்லைன் புக்கிங் தனியாக இன்னொரு அறையைப் பிடித்துக்கொண்டு நிற்கும், மறுநாள் ராத்திரி அதுவே நோ-ஷோ என்று காட்டும். அறையில் ஆள் இருக்க, விருந்தினர் வரவில்லை என்று தளத்திடம் சொல்லியிருப்போம். தளத்தோடு பஞ்சாயத்து, விருந்தினர் எழுதும் விமர்சனம், இரண்டும் அந்த வாரமே வரும்.

தெரிந்தவர் இப்படிச் செய்வார். தேதி மாற்றும் முன் வராதவர்கள் பட்டியலை எடுத்து ஒவ்வொருவருக்கும் போன் போடுவார். முதல் குடும்பம் “பரமக்குடி தாண்டிட்டோம்” என்று சொன்னால், அந்தப் பதிவை நோ-ஷோ ஆகவிடாமல் அறை எண் போட்டு, மேலாளர் அனுமதித்த முறைப்படி 14-ஆம் தேதியிலேயே செக்-இன் காட்டி, தாமதமாக வருவார்கள் என்று குறிப்பு எழுதி வைப்பார். பிறகு தேதியை மாற்றுவார். இரண்டாவது குடும்பம் வரும்போது சிஸ்டத்தில் 15 ஆகியிருக்கும், அவர்களுடைய சொந்த புக்கிங்கிலேயே செக்-இன் பண்ணலாம். ராத்திரி விற்காமல் கிடந்த சுத்தமான அறை இருந்தால் கொடுத்து, ஹோட்டல் வழக்கப்படி முன்கூட்டி வந்ததற்கான கட்டணத்தைத் தனியாகப் போடுவார். காலி இல்லை என்றால் பைகளை வாங்கி வைத்து, தீர்த்தமாடப் போய்விட்டு வரச் சொல்வார்.

இந்தக் கதையை அப்படியே வேலை கேட்டு வந்தவரிடம் சொல்லி, உங்கள் ஹோட்டலில் தேதியை எத்தனை மணிக்கு மாற்றுவீர்கள் என்று கேளுங்கள். மணியை மட்டும் சொல்பவரை விட, “வர வேண்டியவங்க யார் பாக்கின்னு பார்த்துட்டுத்தான்” என்று ஆரம்பிப்பவர் மேல்.

அவர் வேலை செஞ்ச லாட்ஜ்ல 24 மணி நேர செக்-அவுட். அங்கே பார்த்த நைட் ஆடிட்டை அனுபவமா எடுத்துக்கலாமா?

பாதி எடுத்துக்கொள்ளலாம். 24 மணி நேரக் கணக்கில் வாடகை அவரவர் வந்த மணியிலிருந்து ஓடுகிறது. மேலே சொன்ன தேதிச் சிக்கல் அங்கே அவ்வளவாக வராது. பல லாட்ஜ்களில் நைட் ஆடிட் என்பது நாள் சீட்டை எழுதி, ரொக்கத்தைக் கட்டி வைப்பதுதான். ஆகவே அவர் பொய் எழுதவில்லை, அந்த இடத்தில் அந்த வேலைக்கு அதுதான் பெயர். பணம் ஒப்பிடுவது, அறைப் பட்டியல் ஒப்பிடுவது அவருக்குக் கை வந்திருக்கும். நோ-ஷோ, தேதி மாற்றம், ஆன்லைன் தளத்தின் பெயரில் பில் மாற்றுவது ஆகியவற்றைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும். மதியம் 12 மணி செக்-அவுட் வைத்திருக்கும் ஹோட்டல் என்றால், பழகியவர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து முதல் சில வாரம் ஓட்டுங்கள்.

‘விருந்தினர்களை அன்போடு கவனித்தேன்’னு எல்லாரும் எழுதறாங்க. இதை எப்படி எடை போடறது?

அந்த வரிக்கு மதிப்பெண் போட வேண்டாம், அதற்குப் பக்கத்தில் ஒரு சம்பவமோ ஒரு அளவோ இருக்கிறதா என்று பாருங்கள். ‘40 பேர் கொண்ட யாத்திரைக் குழுக்களுக்கு அறை ஒதுக்கினேன்’ என்பது தகவல். குழு வருவதற்கு முன் அறைப் பட்டியல் வாங்கி, வயதானவர்களுக்குக் கீழ்த்தளம் கொடுத்து, அடையாள அட்டை நகல்களை டிராவல்ஸ்காரரிடம் முன்பே கேட்டு வாங்கியவர் அதை எழுதாமல் இருக்க மாட்டார். இந்தி பேசுவேன் என்று இருந்தால் நேர்காணலில் இரண்டு நிமிடம் பேச வையுங்கள். இங்கே வருபவர்களில் வடக்கிலிருந்து வருபவர்கள் ஏராளம், தெலுங்கும் உதவும்.

ஒரு சின்னச் சோதனை. 22 தீர்த்தமும் ஆடிவிட்டு ஈரத்துணியோடு ஒரு பாட்டி காலை பதினொன்றே முக்காலுக்குத் திரும்பி வருகிறார். செக்-அவுட் பன்னிரண்டு மணி. அந்த அறைக்கு ஒரு மணிக்கு வேறு ஆள் வருகிறார். நல்ல பதிலில் இரண்டு பக்கமும் இருக்கும்: பாட்டிக்குத் துணி மாற்ற அரை மணி நேரம், ஹவுஸ்கீப்பிங்குக்கு அந்த அறையை முதலில் முடிக்கச் சொல்லி ஒரு போன். விதியை மட்டும் சொல்பவரும் சரிவரமாட்டார், எல்லாருக்கும் சரி சரி என்று தலையாட்டுபவரும் சரிவரமாட்டார்.

வெளிநாட்டு விருந்தினர்கள் வரும் இடமென்றால், சி-ஃபார்ம் என்று சொல்லிப் பழகிய, அவர்கள் தங்கும் விவரப் படிவம் பற்றியும் கேளுங்கள். வந்த 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் ஏற்ற வேண்டும். விடியற்காலை வருபவர்களின் பாஸ்போர்ட், விசா விவரம் ராத்திரி ஷிஃப்டில் இருப்பவர் கையில்தான் முதலில் வரும்.

ராமேஸ்வரத்தில் வேலை செஞ்சதா எழுதியிருக்கார். நிஜமான்னு பேச்சிலேயே தெரிஞ்சுக்க வழி இருக்கா?

அந்த ஆண்டுகளைப் பற்றிப் பேசுங்கள். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் ரயில் பாலத்தில் போக்குவரத்து நின்றது, புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்றுதான் திறந்தது. இடைப்பட்ட காலம் முழுவதும் ரயில்கள் தீவுக்குள் வரவில்லை. மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ இறங்கி, பஸ்ஸிலும் ஆட்டோவிலும் வேனிலும் வந்தார்கள். நம் உதாரண ஆள் வேலை செய்தது சரியாக அந்தக் காலம். ராத்திரி ரயிலில் வந்தவர்களை எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேளுங்கள். ஸ்டேஷனிலிருந்து தீவுக்கு வண்டி ஏற்பாடு செய்ததைப் பற்றிச் சொன்னால் இங்கே இருந்தவர்தான். ராமேஸ்வரம் ஸ்டேஷனில் ரயில் வந்து இறங்கிய கூட்டத்தை அவர் வர்ணித்தால், தேதிகளை மறுபடி கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியில் இந்த ரெஸ்யூமேக்கு நீங்க என்ன முடிவு சொல்வீங்க? மூணுக்கும் மார்க் போடணுமா?

நான் மார்க் போட்டுக் கூட்டுவதில்லை. கூட்டினால் இந்தியில் நன்றாகப் பேசும் ஒருவர் ஆடிட் தெரியாததை மறைத்துக்கொண்டு முதலிடம் வந்துவிடுவார், வாரத்தில் மூன்று ராத்திரி உங்கள் தூக்கம் போகும். எதைச் சொல்லிக்கொடுக்க முடியும், எதை முடியாது என்று பிரித்துப் பார்க்கிறேன். மென்பொருளைச் சொல்லிக்கொடுக்கலாம். தேதி மாற்றச் சிக்கலையும் சொல்லிக்கொடுக்கலாம், நாள் பிடிக்கும். டாலி ஆகாத கணக்கை டாலி ஆகாதது என்று எழுதிவைக்கும் குணத்தையும், விடியற்காலை நாலு மணிக்கு முகம் சுளிக்காமல் நிற்பதையும் சொல்லிக்கொடுப்பது கடினம்.

இவரை நான் நேர்காணலுக்குக் கூப்பிடுவேன். லாட்ஜ் அனுபவம் நமக்கு ஏற்றது, ஊர் தெரிந்தவர். 2,100 ரூபாய் கணக்கில் யூபிஐயைக் கேட்டுவிட்டாரென்றால் எடுத்துக்கொள்வேன், தேதிக் கேள்வியில் தடுமாறினாலும் பரவாயில்லை. யூபிஐயைக் கேட்கவில்லை என்றால் பகல் ஷிஃப்டுக்கு மட்டும் யோசிப்பேன். வேலையை விட்டபின் உள்ள இடைவெளியைப் பற்றி நேராகக் கேட்பேன், அதற்காகக் கழித்துவிட மாட்டேன். இந்தக் கரையில் புயல் எச்சரிக்கை வந்தால் அறைகள் மொத்தமாக ரத்தாகும், ஆள் குறைப்பார்கள். அது அவர் குற்றமாகாது.

நான் ரிசப்ஷன்ல இருக்கேன். நைட் ஆடிட் தனியா செஞ்சதில்லை, கூட உட்கார்ந்து பார்த்திருக்கேன். ரெஸ்யூமேல எப்படி எழுதறது?

நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். ‘நைட் ஆடிட் அனுபவம் உண்டு’ என்பதை எடுத்துவிட்டு, ‘32 அறை, ராத்திரி ஷிஃப்ட், ரொக்கம், கார்டு, யூபிஐ மூன்றையும் சிஸ்டத்தோடு ஒப்பிட்டு ஷிஃப்ட் முடிப்பேன், ஹவுஸ்கீப்பிங் பட்டியலோடு அறைகளைச் சரிபார்ப்பேன், தேதி மாற்றத்தை மூத்தவர் செய்வார், உடனிருந்து பார்த்திருக்கிறேன்’ என்று எழுதுங்கள். இதைப் படிக்கும் மேலாளருக்கு இன்னும் என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று தெளிவாகத் தெரியும். அதற்காகவே கூப்பிடுவார். மென்பொருள் பெயர்களுக்குப் பக்கத்தில் எங்கே, எவ்வளவு காலம் என்றும் சேர்த்துவிடுங்கள்.

பழைய ஹோட்டலுக்குப் போன் போட்டால் ‘நல்ல பையன்’னு மட்டும்தான் சொல்றாங்க. வேற என்ன கேட்கறது?

குணத்தைப் பற்றிக் கேட்டால் குணத்தைப் பற்றித்தான் சொல்வார்கள். “உங்க இடத்துல காலையில ஆடிட் ரிப்போர்ட்டுல கையெழுத்து யாரோடது இருக்கும்?” என்று கேளுங்கள். அவர் பெயரைச் சொன்னால் போதும். “அதெல்லாம் அக்கவுண்ட்டன்ட் பார்த்துக்குவார்” என்றால் ரெஸ்யூமேயில் உள்ள அந்த வரியை அடித்துவிட்டு மற்றதை வைத்து முடிவு செய்யுங்கள். அப்புறம் இன்னொன்று: கேஷ் குறைந்த நாளில் உடனே சொன்னாரா, நீங்கள் கண்டுபிடித்தபின் சொன்னாரா? இதற்குப் பதில் சொல்லும் முன் எதிர்முனையில் இருப்பவர் தயங்கினால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.